செக்யூரிட்டி குரூப்பும் நெட்வொர்க் ஏசிஎல்லும்: இரண்டிலும் போர்ட் திறந்திருந்தும் இணைப்பு ஏன் டைம்அவுட் ஆகிறது?

கேள்வி: ஏடபிள்யூஎஸ்ஸில் டேட்டாபேஸ் சப்நெட்டுக்கு மட்டும் புதிதாக ஒரு நெட்வொர்க் ஏசிஎல் போட்டோம். செக்யூரிட்டி குரூப்பில் 5432 திறந்திருக்கிறது. ஏசிஎல்லிலும் உள்ளே, வெளியே இரண்டு பக்கமும் 5432 திறந்துவிட்டோம். ஆனாலும் ஆப் சர்வரிலிருந்து போஸ்ட்கிரெஸ் இணைப்பு டைம்அவுட் ஆகிறது. இரண்டும் ஃபயர்வால்தானே, விதிகள் ஏன் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை?

பதில்:

ஏசிஎல்லின் வெளியே போகும் பக்கத்தில் நீங்கள் திறந்த 5432 எதற்கும் பயன்படாத விதி. அங்கே திறக்க வேண்டியது 32768 முதல் 60999 வரை. ஆப் சர்வர்கள் லினக்ஸ் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இதை மட்டும் மாற்றினாலே உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் ஏன் என்பது புரியாவிட்டால் அடுத்த சப்நெட்டிலும் இதே இடத்தில்தான் மாட்டுவீர்கள். அதனால் ஒரு இணைப்பை எடுத்துக்கொண்டு, அதன் பாக்கெட்டுகள் எங்கெல்லாம் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன என்று பார்ப்போம்.

ஆப் சப்நெட் 10.0.1.0/24, ஆப் சர்வர் 10.0.1.25. டேட்டாபேஸ் சப்நெட் 10.0.2.0/24, டேட்டாபேஸ் 10.0.2.40. ஆப் சர்வர் இணைப்பு கேட்கும்போது, சேரும் இடம் 10.0.2.40-இன் 5432 என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது கிளம்பும் இடத்தை. ஆப் சர்வரும் தன் பக்கத்தில் ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை ஆப்பரேட்டிங் சிஸ்டமே ஒரு வரம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இப்போதைக்கு 41872 என்று வைத்துக்கொள்வோம். முதல் பாக்கெட் 10.0.1.25:41872-இலிருந்து 10.0.2.40:5432-க்குப் போகிறது. பதில் 10.0.2.40:5432-இலிருந்து கிளம்பி 10.0.1.25:41872-க்கு வருகிறது. அதாவது பதில் பாக்கெட்டில் 5432 என்பது கிளம்பும் போர்ட். சேரும் போர்ட் 41872.

இந்த இரண்டு பாக்கெட்டுகளையும் செக்யூரிட்டி குரூப் எப்படிப் பார்க்கிறது? டேட்டாபேஸின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு முதல் பாக்கெட் வந்ததும் உள்வரும் விதிகளைப் பார்க்கும். 5432-க்கு அனுமதி இருக்கிறது, விடும். கூடவே இந்த இணைப்பைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும்: இந்த ஐபி, இந்தப் போர்ட், அந்த ஐபி, அந்தப் போர்ட், டிசிபி. பதில் பாக்கெட் திரும்பிப் போகும்போது, அது குறித்துவைத்த இணைப்பைச் சேர்ந்தது என்பதால் வெளிச்செல்லும் விதிகளைத் திறந்துகூடப் பார்க்காது. அந்தக் குரூப்பில் வெளிச்செல்லும் விதிகள் அத்தனையையும் நீக்கிவிட்டாலும் பதில் போய்ச் சேரும். ஸ்டேட்ஃபுல் என்று சொல்வது இதைத்தான்.

நெட்வொர்க் ஏசிஎல்லிடம் அப்படி ஒரு அட்டவணையே கிடையாது. சப்நெட்டின் எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு பாக்கெட்டையும் அது முதன்முறை பார்ப்பது போலத்தான் பார்க்கும். டேட்டாபேஸ் அனுப்பும் பதிலை, டேட்டாபேஸ் தானாகவே 10.0.1.25-இன் 41872-க்கு ஏதோ அனுப்புகிறது என்றே எடுத்துக்கொள்ளும். வெளிச்செல்லும் விதிகளில் 41872-ஐ அனுமதிக்கும் விதி இருக்கிறதா என்று தேடும். உங்கள் ஏசிஎல்லில் இருப்பது 5432 மட்டும். ஏசிஎல் விதியில் நீங்கள் எழுதும் போர்ட் எப்போதும் சேரும் போர்ட்தான், கிளம்பும் போர்ட்டை வைத்து விதி எழுத அதில் வழியே இல்லை. ஆக, எந்த விதியும் பொருந்தாமல் கடைசியில் நிற்கும் `*` விதிக்குப் போய், பாக்கெட் அங்கேயே சத்தமில்லாமல் கைவிடப்படுகிறது.

சரி செய்ய இந்த ஒரு விதி போதும்:

```
aws ec2 create-network-acl-entry \
  --network-acl-id acl-0123456789abcdef0 \
  --egress --rule-number 110 --protocol tcp \
  --port-range From=32768,To=60999 \
  --cidr-block 10.0.1.0/24 --rule-action allow
```

வெளிச்செல்லும் பக்கத்தில் இருக்கும் பழைய 5432 விதியை நீக்கிவிடுங்கள். ஆப் சர்வரில் போஸ்ட்கிரெஸ் ஓடினால் ஒழிய அதற்கு அங்கே வேலை இல்லை.

ஆப் சப்நெட்டுக்கும் பிறகு தனி ஏசிஎல் போட்டால் இதையே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுத வேண்டும். அங்கே வெளியே 10.0.2.0/24-க்கு 5432, உள்ளே 10.0.2.0/24-இலிருந்து 32768–60999. ஆக ஒரே ஒரு டேட்டாபேஸ் இணைப்புக்கு இரண்டு சப்நெட்டிலும் சேர்த்து நான்கு ஏசிஎல் விதிகள் வேண்டியிருக்கிறது. செக்யூரிட்டி குரூப்பில் டேட்டாபேஸ் பக்கம் உள்வரும் விதி ஒன்று, ஆப் பக்கம் வெளிச்செல்லும் விதி ஒன்று, அவ்வளவுதான். ஆப் பக்க விதியும் பெரும்பாலும் புதிதாகப் போடவேண்டி இருக்காது. புதிய செக்யூரிட்டி குரூப் வெளிச்செல்வது எல்லாவற்றையும் அனுமதித்தபடிதான் வரும்.

அப்புறம், அந்த 32768–60999 எங்கிருந்து வந்தது? ஆப் சர்வரில் இதைப் பாருங்கள்:

```
$ cat /proc/sys/net/ipv4/ip_local_port_range
32768	60999
```

இது லினக்ஸ் கெர்னல் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு. விண்டோஸ் சர்வர் 2008 முதல் 49152–65535. நாட் கேட்வேயும் லோட் பேலன்சரும் 1024–65535 வரம்பிலிருந்து எடுக்கும். எந்த வரம்பைத் திறப்பது என்பதை இணைப்பைத் தொடங்கும் இயந்திரம்தான் முடிவு செய்கிறது, பதில் சொல்லும் இயந்திரம் அல்ல. இந்த இடத்தில்தான் கண்டுபிடிக்கவே கடினமான ஒரு வகைக் கோளாறு வருகிறது. யாரோ ஒருவர் எங்கோ படித்துவிட்டு 49152–65535 என்று விதி எழுதிவிடுவார். தொடங்குவது லினக்ஸ். லினக்ஸின் வரம்பில் மொத்தம் 28,232 போர்ட்கள். அவற்றில் 49152-க்கு மேல் இருப்பவை 11,848, அதாவது ஏறக்குறைய 42 சதவீதம். விளைவு, சில இணைப்புகள் உடனே கிடைக்கும், சில தொங்கும். முதல் சோதனையில் கிடைத்துவிட்டால் 'வேலை செய்கிறது' என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள். கனெக்‌ஷன் பூல் முதலில் பிடித்த நல்ல இணைப்புகளை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் ஓடும். டிராஃபிக் கூடி பூல் புதிய இணைப்புகள் எடுக்கும்போது டைம்அவுட் ஆரம்பிக்கும். எல்லோரும் டேட்டாபேஸ் லோடு என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

தொங்கும் இணைப்பு மறுபடி முயன்றாலும் சரியாகாது என்பதையும் சொல்லவேண்டும். டிசிபி தன் முதல் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பும், ஆனால் அதே கிளம்பும் போர்ட்டிலிருந்துதான் அனுப்பும். 41872 அடைபட்டிருந்தால் எத்தனை முறை அனுப்பினாலும் அடைபட்டதே. அப்ளிகேஷன் அந்த முயற்சியைக் கைவிட்டுப் புதிதாக இணைப்பு கேட்டால்தான் வேறு போர்ட் கிடைக்கும். அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இப்படிப் 'பாதி வேலை செய்யும்' நெட்வொர்க்கைக் கண்டால், தோற்ற இணைப்புகளின் கிளம்பும் போர்ட்களை எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே கூடி நின்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இனி, தடுப்பது ஏசிஎல்லா செக்யூரிட்டி குரூப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டுமே பாக்கெட்டைத் தடுத்தால் எந்த அறிவிப்பும் அனுப்பாது. கிளையன்ட் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே அறிகுறிதான்: ஓரிரு நிமிடம் தொங்கி `Connection timed out`. ஒருவேளை `Connection refused` என்று உடனே வந்தால் சந்தோஷப்படுங்கள். பாக்கெட் போய்ச் சேர்ந்து பதிலும் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். கோளாறு போஸ்ட்கிரெஸ்ஸில், அது அந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

பெயர் ரிசால்வ் ஆகிறதே, அப்படியென்றால் நெட்வொர்க் சரிதானே என்றும் நினைக்க வேண்டாம். விபிசியின் சொந்த டிஎன்எஸ் ரிசால்வருக்குப் போகும் டிராஃபிக்கை ஏசிஎல்லும் வடிகட்டாது, செக்யூரிட்டி குரூப்பும் வடிகட்டாது. டிஎச்சிபி, 169.254.169.254 மெட்டாடேட்டா முகவரி ஆகியவற்றுக்கும் இதே கதைதான். எல்லாவற்றையும் அடைத்த சப்நெட்டிலும் அவை வேலை செய்யும்.

நம்பிச் சொல்லக்கூடிய சாட்சி விபிசி ஃப்ளோ லாக். டேட்டாபேஸின் இன்டர்ஃபேஸுக்கு அதை இயக்கிவிட்டு ஒரு முறை இணைத்துப் பார்த்தால், உங்கள் நிலைமையில் இப்படி இரண்டு வரிகள் வரும்:

```
2 123456789012 eni-0aa11bb22cc33dd44 10.0.1.25 10.0.2.40 41872 5432 6 6 360 1718000000 1718000058 ACCEPT OK
2 123456789012 eni-0aa11bb22cc33dd44 10.0.2.40 10.0.1.25 5432 41872 6 9 540 1718000000 1718000058 REJECT OK
```

முதல் வரி உள்ளே வந்த பாக்கெட்டுகள், ஆறு முறை கதவைத் தட்டியிருக்கிறது, எல்லாம் `ACCEPT`. இரண்டாவது அதற்கான பதில், `REJECT`. போர்ட்கள் இடம் மாறியிருப்பதைக் கவனியுங்கள், அதை வைத்துத்தான் இது பதில் என்று சொல்கிறோம். உள்ளே விட்ட இணைப்பின் பதிலைச் செக்யூரிட்டி குரூப் தடுக்காது. ஆகவே வந்தது `ACCEPT`, பதில் `REJECT` என்று ஜோடியாகக் கிடைத்தால் தடுத்தது ஏசிஎல்தான், வேறு யாரும் இல்லை.

உள்ளே வரும் வரியே `REJECT` என்றிருந்தால் அது செக்யூரிட்டி குரூப்பாகவும் இருக்கலாம், ஏசிஎல்லாகவும் இருக்கலாம். யார் தடுத்தது என்று ஃப்ளோ லாக் பெயர் சொல்லாது. அப்போது இரண்டின் உள்வரும் விதிகளையும் கையால் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

டேட்டாபேஸ் இசி2-வில் நீங்களே நிறுவியது என்றால் இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. அந்த இயந்திரத்தில் `sudo tcpdump -ni any port 5432` போட்டுப் பாருங்கள். வரும் பாக்கெட்டும் தெரிந்து, இயந்திரம் பதில் அனுப்புவதும் தெரிந்து, ஆனால் அடுத்த அடியே நடக்காமல் இதே இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தால், பதில் இயந்திரத்தை விட்டு வெளியேறிய பிறகு எங்கோ தொலைகிறது. எதுவுமே தெரியவில்லை என்றால் பாக்கெட் உள்ளேயே வரவில்லை.

அடுத்து விதிகளின் வரிசை. குழப்பத்துக்கு இரண்டாவது பெரிய காரணம் இது. செக்யூரிட்டி குரூப்பில் வரிசை என்று ஒன்று இல்லை. அனுமதி விதி மட்டும்தான் எழுத முடியும், தடை விதி எழுதவே முடியாது. ஓர் இன்டர்ஃபேஸில் மூன்று குரூப் மாட்டியிருந்தால் மூன்றின் விதிகளும் ஒரே குவியலாகச் சேர்ந்துவிடும். குவியலில் ஏதாவது ஒரு விதி அனுமதித்தால் போதும். இதன் பின்விளைவு பலருக்குப் பிடிபடுவதில்லை. ஒரு குரூப்பில் எஸ்எஸ்எச் அலுவலக ஐபிக்கு மட்டும் என்று கவனமாக எழுதியிருப்பார்கள். அதே சர்வரில் மாட்டிய இன்னொரு பழைய குரூப்பில் 22 எல்லா ஐபிக்கும் திறந்திருக்கும். கவனமாக எழுதிய விதி மற்றதைக் கட்டுப்படுத்தாது. கதவு உலகத்துக்கே திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஏசிஎல்லில் தலைகீழ். ஒவ்வொரு விதிக்கும் எண் உண்டு, சிறிய எண்ணிலிருந்து பெரியதுக்குப் போகும், முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. வெப் சப்நெட்டில் விதி 100 எல்லோருக்கும் 443 அனுமதி, தொல்லை கொடுக்கும் 198.51.100.0/24-க்கு விதி 200-இல் தடை என்று எழுதினால் அந்தத் தடை ஒருபோதும் வேலை செய்யாது, 443-க்கு வரும் பாக்கெட் 100-லேயே உள்ளே போய்விட்டது. தடையை 90-இல் எழுத வேண்டும். அதனால்தான் விதிகளை 100, 200 என்று இடைவெளி விட்டு எழுதச் சொல்கிறார்கள். 1, 2, 3 என்று எழுதினால் அவசரத்துக்கு நடுவில் நுழைக்க இடம் இருக்காது. எண்ணைத் திருத்தும் வசதி கட்டளையில் கிடையாது, விதியை நீக்கிவிட்டுத்தான் மறுபடி சேர்க்க வேண்டும்.

தடை விதி எழுத முடிவது ஏசிஎல்லில் மட்டும் என்பதால், அதை ஐபி பிளாக் லிஸ்டாகப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில முகவரிகளுக்குச் சரி. ஒரு ஏசிஎல்லில் ஒரு திசைக்கு 20 விதிகள்தான் இயல்பான வரம்பு, கேட்டு வாங்கினால் 40 வரை. அதற்கு மேல் போகும் என்றால் வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் பக்கம் போய்விடுங்கள். இன்னொன்று, அப்ளிகேஷன் லோட் பேலன்சர் முன்னால் இருந்தால் ஆப் சப்நெட்டின் ஏசிஎல்லில் தொல்லைக்காரர் ஐபியைத் தடுத்து எந்தப் பயனும் இல்லை. ஆப் சப்நெட்டுக்கு வரும் பாக்கெட்டில் கிளம்பும் ஐபி லோட் பேலன்சருடையது. தடையை லோட் பேலன்சர் இருக்கும் சப்நெட்களில் போட வேண்டும். அதற்கும் முன்னால் கிளவுட்ஃப்ரண்ட் இருந்தால் அங்கேயும் பலிக்காது.

அஷூரிலிருந்து வருபவர்களுக்கு இந்த இடத்தில் கூடுதல் குழப்பம் வரும். அங்கே நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப் இணைப்பை நினைவில் வைக்கும், ஆனால் விதிகளுக்கு முன்னுரிமை எண்ணும் உண்டு, தடையும் எழுதலாம். பெயர் பாதி ஒன்றாக இருப்பதால் அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடாதீர்கள்.

இப்போது, விதியை மாற்றும் அந்த நொடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாதுகாப்பு என்ற கோணத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

வேலை முடிந்துபோன ஒரு கான்ட்ராக்டருக்கு 203.0.113.40/32-இலிருந்து 22 திறந்து கொடுத்திருந்தீர்கள். இப்போது அந்த விதியைச் செக்யூரிட்டி குரூப்பிலிருந்து நீக்குகிறீர்கள். புதிதாக அவரால் உள்ளே வர முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவர் திறந்து வைத்திருக்கும் எஸ்எஸ்எச் அமர்வு அறுபடாது. அது ஏற்கனவே அட்டவணையில் பதிவான இணைப்பு. அந்தப் பதிவு காலாவதியாகும் வரை பாக்கெட்டுகள் போய்வந்துகொண்டே இருக்கும். நிலைபெற்ற டிசிபி இணைப்பு சும்மா கிடந்தால் பதிவு காலாவதியாகப் பெரும்பாலான இன்ஸ்டன்ஸ் வகைகளில் இயல்பாக 5 நாள் ஆகும், புதிய தலைமுறை சிலவற்றில் 350 விநாடி. அவர் அவ்வப்போது ஒரு விசையைத் தட்டிக்கொண்டிருந்தாலே அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும். உள்ளே ஒருவர் அத்துமீறியிருக்கிறார் என்று சந்தேகப்பட்டு விதியை நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தால், அவர் இன்னமும் உள்ளேதான் இருக்கிறார்.

உடனே வெட்ட வேண்டுமானால் ஏசிஎல்லில் ஒரு தடை விதி போடுங்கள், இருக்கும் எல்லா அனுமதிகளுக்கும் சிறிய எண்ணில். ஏசிஎல்லுக்கு நினைவு இல்லாததே இங்கே உதவி. பழைய இணைப்பா புதியதா என்று அது பார்க்காது, அடுத்த பாக்கெட்டிலிருந்தே தடுக்கும்.

விதியை நீக்கினாலும் செக்யூரிட்டி குரூப் பழைய இணைப்பை அறுக்காது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு போர்ட்டை உள்ளே 0.0.0.0/0-க்குத் திறந்து, வெளியேயும் எல்லாப் போர்ட்டுக்கும் 0.0.0.0/0 என்று திறந்து வைத்திருந்தால், அந்த இணைப்புகளைச் செக்யூரிட்டி குரூப் பொதுவாகக் குறித்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் முழுவதும் திறந்திருக்கும்போது பதிலை அடையாளம் காண வேண்டிய தேவையே இல்லையே. அந்த வகையில் விதியை நீக்கினால் நடப்பில் இருக்கும் இணைப்பும் உடனே அறுந்துவிடும். ஆக ஒரே 22, ஒரே நீக்கல்: குறிப்பிட்ட ஐபிக்குத் திறந்திருந்தால் பழைய அமர்வு நீடிக்கும், உலகத்துக்கே திறந்திருந்தால் அறுபடும். யாரோ ஒருவர் சோதித்துவிட்டு 'எனக்கு உடனே அறுந்ததே' என்றும் இன்னொருவர் 'அறவே இல்லை' என்றும் வாதிடுவதற்குக் காரணம் இதுதான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஏசிஎல்லுக்கு நினைவு இல்லாத குணம் உங்கள் டேட்டாபேஸ் சப்நெட்டில் எதிர்த்திசையிலும் வேலை செய்திருக்கும். ஏசிஎல்லை மாட்டியதும் புதிய இணைப்புகள் மட்டுமல்ல, பூலில் ஏற்கனவே திறந்திருந்தவையும் செத்திருக்கும். ஆனால் ஆப்புக்கு அது உடனே தெரியாது. வினவலை அனுப்பிவிட்டு வராத பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் இயல்பு அமைப்பில் இப்படி ஒப்புதல் கிடைக்காத இணைப்பைக் கைவிடக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதனால் விதியைத் திருத்திய பிறகும் ஆப் தடுமாறினால் பூலை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

இன்னொரு வேறுபாடு, இரண்டும் நிற்கும் இடம். செக்யூரிட்டி குரூப் ஒவ்வொரு இன்டர்ஃபேஸிலும் நிற்கிறது, ஏசிஎல் சப்நெட்டின் எல்லையில் நிற்கிறது. ஒரே சப்நெட்டில் இருக்கும் இரண்டு இயந்திரங்கள் தங்களுக்குள் பேசினால் ஏசிஎல் அதைப் பார்ப்பதே இல்லை. டேட்டாபேஸ் சப்நெட்டிலேயே ஒரு பேட்ச் சர்வரை வைத்துவிட்டு, ஏசிஎல் இருக்கிறதே என்று நம்பியிருந்தால் அதில் பாதுகாப்பு ஏதும் இல்லை. செக்யூரிட்டி குரூப் இங்கேயும் கண்டிப்பானது. ஒரே குரூப்பை மாட்டிய இரண்டு இயந்திரங்கள்கூட, அந்தக் குரூப் தன்னையே மூலமாகக் குறிப்பிடும் விதி இல்லாவிட்டால் பேசிக்கொள்ள முடியாது.

மூலத்தை ஐபியாக எழுதாமல் குரூப்பாக எழுத முடிவதுதான் செக்யூரிட்டி குரூப்பின் பெரிய பலம். டேட்டாபேஸ் குரூப்பில் '5432, மூலம் ஆப் குரூப்' என்று ஒரு முறை எழுதினால், ஆட்டோ ஸ்கேலிங்கில் ஆப் சர்வர்கள் வந்தாலும் போனாலும் விதியைத் தொடவேண்டாம். ஏசிஎல்லுக்கு ஐபி வரம்பைத் தவிர வேறு மொழி தெரியாது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பதில் போவதற்காக ஏசிஎல்லில் நீங்கள் திறக்கும் அந்த 32768–60999 உண்மையில் பதில்களுக்கு மட்டும் திறப்பதல்ல. டேட்டாபேஸ் இயந்திரம் கெட்டவர் கையில் சிக்கினால், அதே விதியின் வழியாக ஆப் சர்வர்களின் அந்த 28,232 போர்ட்களில் எதற்கும் புதிதாகவே இணைப்பு கேட்கலாம். ஏசிஎல்லால் புதிய கோரிக்கையையும் பதிலையும் பிரித்துப் பார்க்க முடியாது. பொது சப்நெட்டில் நிலைமை இன்னும் தளர்வு. அங்கே நாட் கேட்வேக்காக உள்ளே 1024–65535 எல்லா ஐபிக்கும் திறக்க வேண்டியிருக்கும். 3306, 5432, 6379, 8080 எல்லாமே அந்த வரம்புக்குள்தான் இருக்கின்றன. அந்த ஓட்டையை அடைப்பது ஒவ்வொரு இயந்திரத்தின் செக்யூரிட்டி குரூப்தான். ஏசிஎல் சரியாக எழுதியாயிற்று என்று செக்யூரிட்டி குரூப்பைத் தளர்த்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு நேர்மாறாக இருக்க வேண்டும்.

உங்கள் அமைப்புக்கு என்ன செய்வேன் என்று கேட்டால், அன்றாட அனுமதிகள் முழுவதையும் செக்யூரிட்டி குரூப்களில், குரூப்பை மூலமாகக் குறித்து எழுதுவேன். தணிக்கை விதி எதுவும் கட்டாயப்படுத்தாவிட்டால் ஏசிஎல்லை விபிசியோடு வரும் இயல்பான நிலையிலேயே, எல்லாம் அனுமதி என்று விட்டுவைத்து, தடைகளுக்கு மட்டும் 100-க்குக் கீழே எண்களைக் காலியாக வைத்திருப்பேன். தணிக்கைக்காக டேட்டாபேஸ் சப்நெட்டுக்குத் தனி ஏசிஎல் வேண்டும் என்றால் போர்ட் வாரியாக நுணுக்கமாக எழுத மாட்டேன். எந்த சப்நெட் எந்த சப்நெட்டோடு பேசலாம் என்ற அளவில் மட்டும் எழுதுவேன்: உள்ளே 10.0.1.0/24-இலிருந்து டிசிபி எல்லாம், வெளியே 10.0.1.0/24-க்கு டிசிபி எல்லாம், மற்றது தடை. போர்ட் அளவுக் கட்டுப்பாட்டைச் செக்யூரிட்டி குரூப் பார்த்துக்கொள்ளும், கிளம்பும் போர்ட் தலைவலியும் வராது.

அந்த டேட்டாபேஸ் இயந்திரம் இணையத்திலிருந்து பேக்கேஜ் அப்டேட் எடுக்கிறது என்றால் இன்னும் இரண்டு விதி தேவைப்படும். வெளியே 0.0.0.0/0-க்கு 443, உள்ளே 32768–60999. உள்வரும் விதியில் மூலத்தை நாட் கேட்வேயின் ஐபி என்று எழுதிவிடாதீர்கள். திரும்பி வரும் பாக்கெட்டில் கிளம்பும் முகவரி இணையத்தில் இருக்கும் அந்தச் சர்வருடையதாகத்தான் இருக்கும். ஆகவே அங்கே மூலம் 0.0.0.0/0.